வீட்டு வைஃபை நின்றுபோனால்: ஆம், இல்லை கிளைகளோடு ஒரு பாய்வுப்படம் வரையும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகள் கோயம்புத்தூரில் வேலையில் இருப்பார்கள். நெட் நின்றுவிட்டால் பெரியவர் போன் செய்கிறார், பிள்ளை அங்கிருந்தபடி கேள்வி கேட்கிறார், அரைமணி நேரம் போகிறது. அந்தக் கேள்விகளை ஒரே தாளில் ஒழுங்கான பாய்வுப்படமாக வரைந்து ரூட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பெரும்பாலான நாட்களில் போனே தேவைப்படாது. இதற்கு முன் பாய்வுப்படம் வரைந்திராதவர், ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அப்படியொரு படத்தை வரைவதற்கான வழி இது. இப்போது பரவலாக இருக்கும் ஃபைபர் இணைப்பையே எடுத்துக்கொள்கிறேன். அதாவது தெருக்கம்பத்திலிருந்து மெல்லிய கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்து, வைஃபையும் சேர்ந்த ஒரே பெட்டியில் முடியும் இணைப்பு.

எதற்கான படம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தாளின் உச்சியில் ஒரு நீள்வட்டம் போட்டு அதற்குள் "வைஃபை வழியாக நெட் அறவே வரவில்லை" என்று எழுதுங்கள். "அறவே" என்ற சொல் அங்கே இருக்க வேண்டும். நெட் மெதுவாக வருவதும், விட்டுவிட்டு வருவதும் வேறு நோய்கள். அவற்றுக்கான கேள்விகளும் வேறு. மூன்றையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, கடைசியில் வரைந்தவருக்கே படம் புரியாமல் போகும்.

இந்த வேலைக்கு மூன்று வடிவங்கள் போதும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நீள்வட்டம், செய்ய வேண்டிய செயலுக்குச் செவ்வகம், கேள்விக்குச் சாய்சதுரம். பாய்வுப்படக் குறியீடுகளுக்கென்று 1985இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 5807 என்ற சர்வதேசத் தரத்தில் இன்னும் பல வடிவங்கள் உண்டு. வீட்டுச் சுவரில் ஒட்டும் தாளுக்கு அவை வேண்டியதில்லை. சாய்சதுரத்துக்குள் ஒரு கோடு நுழையும், இரண்டு கோடுகள் வெளியேறும். ஒன்றின் மேல் "ஆம்" என்றும் மற்றதன் மேல் "இல்லை" என்றும் எழுதாமல் விடக் கூடாது. வரைபவருக்கு எது எந்தப் பக்கம் என்று தெரியும். படிப்பவருக்குத் தெரியாது.

கேள்வியை எழுதும் விதம்

புதிதாக வரைபவர்கள் சறுக்குவது வடிவத்தில் அன்று, சாய்சதுரத்துக்குள் எழுதும் வாசகத்தில்தான். "ரூட்டர் சரியாக வேலை செய்கிறதா?" என்று எழுதினால் பெட்டியின் முன் நிற்பவரால் பதில் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் படத்தையே பார்க்கிறார். "பெட்டியில் பவர் விளக்கு எரிகிறதா?" என்று எழுதினால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆகவே பார்த்தோ தொட்டோ உடனே பதில் சொல்லக்கூடியவை மட்டுமே சாய்சதுரத்துக்குள் போக வேண்டும்.

எதிர்மறையாகவும் கேட்கக் கூடாது. போனில் நடப்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும்.

"அத்தை, அந்தச் சிவப்பு விளக்கு எரியலையா?"

"ஆமா கண்ணு."

எரிகிறது என்கிறாரா, எரியவில்லை என்பதை ஆமோதிக்கிறாரா? இரண்டுக்கும் நம் பேச்சில் இடமுண்டு. போனிலாவது திருப்பிக் கேட்கலாம், தாளிடம் அது முடியாது. அதனால் எல்லாக் கேள்விகளையும் உடன்பாட்டிலேயே எழுதுங்கள். அதோடு நலமாக இருக்கும் நிலைக்கே "ஆம்" என்ற விடை வருமாறு அமையுங்கள். அப்போது "ஆம்" கோடுகள் எல்லாம் தாளின் நடுவே நேராகக் கீழிறங்கும், "இல்லை" கோடுகள் எல்லாம் வலப்பக்கம் பிரியும். வலப்பக்கம் திரும்பிய இடத்தில்தான் கோளாறு இருக்கிறது என்பது எட்ட நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்விகளின் வரிசைக்கு நான் கொள்ளும் அளவுகோல், விடை காண ஆகும் உழைப்பு. கண்ணால் பார்ப்பது முதலில் வரும், கையால் செய்வது அடுத்து, கணினியில் தட்டுவது அதற்கும் பின், ஆபரேட்டருக்குப் போன் செய்வது கடைசியில்.

கோளாறு கருவியிலா, பெட்டியிலா

தொடக்க நீள்வட்டத்தின் கீழே முதலில் வர வேண்டியது கேள்வியன்று, ஒரு செவ்வகம்: "போனில் மொபைல் டேட்டாவை அணைக்கவும்." இதை விட்டுவிட்டால் பிந்தைய சோதனைகள் எல்லாம் பொய்யாகிவிடும். வைஃபையில் நெட் இல்லை என்று கண்டதும் போன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிக்கொள்ளும், நாமும் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வோம்.

அடுத்து முதல் சாய்சதுரம்: "வீட்டில் உள்ள வேறு போனிலும் டிவியிலும்கூட நெட் நின்றிருக்கிறதா?" மேலே சொன்ன, நலமான நிலைக்கே "ஆம்" என்ற விதிக்கு இது விலக்கு. இங்கே நலத்தை விசாரிக்கவில்லை, வழியைத்தான் பிரிக்கிறோம். "இல்லை" என்றால், அதாவது மற்றவை ஓடுகின்றன என்றால், பெட்டியும் ஃபைபரும் கம்பமும் ஆபரேட்டரும் ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து விலகிவிடுகின்றன. மிச்சமிருப்பது அந்த ஒரு போன். இவ்வளவு பெரிய பகுதியை ஒரே விடையில் கழித்துவிடுவதால்தான் இதை உச்சியில் வைக்கிறோம்.

அந்த "இல்லை" கிளை நீளமாக இருக்க வேண்டாம். முதலில் ரூட்டர் இருக்கும் அறைக்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடித்த சுவர்களைக் கடக்கத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிடத் தூரம் போகும். அருகில் வந்தும் கிடைக்காவிட்டால், போனில் அந்த வைஃபை பெயரை நீக்கிவிட்டுக் கடவுச்சொல் கொடுத்து மறுபடி இணைக்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் போனின் தேதியும் நேரமும் சரியா என்று பார்க்க வேண்டும். தேதி பெரிதாகப் பிசகியிருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். இந்தக் கிளை இத்துடன் முடியலாம்.

விளக்குகள் சொல்வது

எல்லாக் கருவிகளிலும் நின்றிருந்தால் கோடு நேராகப் பெட்டியின் விளக்குகளுக்கு இறங்குகிறது. படத்தில் மிகுந்த கவனத்தோடு வரைய வேண்டிய பகுதி இதுவே. விளக்குகளின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும் என்பதால், உங்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை அப்படியே படத்தில் எழுதுங்கள். நெட் நன்றாக ஓடும் ஒரு நாளில் எந்த விளக்கு எந்த நிறத்தில், நிலையாகவா சிமிட்டியா எரிகிறது என்பதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நாளின் நிலை தெரியாதவருக்குக் கெட்ட நாளின் நிலையும் பிடிபடாது.

முதல் கேள்வி பவர் விளக்கு. எரியவில்லை என்றால் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்ற துணைக்கேள்வி. கரண்ட் இருந்தும் எரியாவிட்டால், அதே பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பார்க்க ஒரு செவ்வகம். சார்ஜர் ஏறினால் பிளக் நல்லது, அடாப்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இடி மின்னலுக்குப் பிறகு பலமுறை போவது அதுதான். மாற்று அடாப்டரின் வோல்ட் பழையதில் எழுதியிருப்பதோடு ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், செருகும் முனையின் அளவும் துருவமும் பொருந்த வேண்டும். இந்த வரியை அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு. ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்றால் இது சிவப்பாக எரியும் அல்லது சிமிட்டும். நல்ல நிலையில் அணைந்திருக்கும். ஆகவே கேள்வி, "எல்.ஓ.எஸ். விளக்கு அணைந்திருக்கிறதா?" இதற்கு "இல்லை" என்று வந்தால், பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய கேபிளைப் பார்க்கச் சொல்லும் செவ்வகம். அலமாரிக்குப் பின்னால் நசுங்கியிருக்கலாம், மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். சுருட்டி வைக்கும்போது வளையத்தின் குறுக்களவு 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது, அதற்கும் இறுகினால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். அந்த முனையைக் கழற்றிக் கண்ணருகே பிடித்துப் பார்க்க வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். உள்ளே வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர் அளவிலானது. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு செய்யலாம்.

கேபிள் ஒழுங்காகவே இருந்தால் ஒரு நல்ல துணைக்கேள்வி இருக்கிறது: "அதே ஆபரேட்டரிடம் இணைப்பு வாங்கிய பக்கத்து வீட்டில் நெட் ஓடுகிறதா?" ஃபைபர் வழியில் தெருவில் ஒளியைப் பிரித்துக்கொடுக்கும் சிறு பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை, ஆபரேட்டர் அலுவலகத்தில் ஒளியை அனுப்பும் கருவிக்குத் தேவை. அங்கே கரண்ட் போய் இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டால் தெரு முழுக்க எல்.ஓ.எஸ். சிவக்கும். பக்கத்து வீட்டில் ஓடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் நம் வீட்டுக்கென்று பிரிந்து வரும் கம்பியில்தான். அங்கும் நின்றிருந்தால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, காத்திருக்கலாம். இந்த ஒரு கேள்வி ஆபரேட்டரின் ஆளுக்கும் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது பி.ஓ.என். விளக்கு. நிலையாக எரிந்தால் ஆபரேட்டரின் கருவி நம் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். எல்.ஓ.எஸ். அணைந்திருந்தும் இது சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, பதிவு மட்டும் முடியவில்லை. 5 நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபரேட்டரை அழைப்பதே வழி.

பென்சிலால் கோடு போடுவதற்கு முன் இந்தப் பகுதியை இப்படி எழுதிப் பார்த்துக்கொண்டால் வழி தவறாது:

```
1. பவர் எரிகிறதா?            ஆம் → 2   இல்லை → கரண்ட், பிளக், அடாப்டர்
2. எல்.ஓ.எஸ். அணைந்துள்ளதா?   ஆம் → 3   இல்லை → கேபிள், பக்கத்து வீடு
3. பி.ஓ.என். நிலையாக உள்ளதா?  ஆம் → 4   இல்லை → 5 நிமிடம், பிறகு ஆபரேட்டர்
4. ரீசார்ஜ் காலம் உள்ளதா?      ஆம் → 5   இல்லை → பணம் கட்டவும்
5. போனில் வைஃபை பெயர் தெரிகிறதா?
                            ஆம் → 6   இல்லை → வைஃபை பொத்தான்
```

விளக்கெல்லாம் சரி, நெட் மட்டும் இல்லை

நான்காவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாதக் கட்டணம் முடிந்த அன்று பவரும் பி.ஓ.என்.னும் வழக்கம்போல் எரியும், போனிலும் வைஃபை சின்னம் இருக்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. முன்பே அணைத்த மொபைல் டேட்டாவைச் சற்று நேரம் போட்டு ஆபரேட்டரின் செயலியில் காலக்கெடுவைப் பார்த்துக்கொண்டு மறுபடி அணைத்துவிடச் சொல்லுங்கள். பெட்டியை அணைத்துப் போடுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. பணம் கட்டாத இணைப்பைப் பத்துமுறை அணைத்துப் போட்டாலும் வராது.

ஐந்தாவதில் வைஃபை பெயரே தெரியாவிட்டால், பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வைஃபை பொத்தான் தூசி துடைக்கும்போது தவறுதலாக அழுந்தியிருக்கக்கூடும். பெயர் தெரிந்து, இணைந்தும் இருந்து, "இணையம் இல்லை" என்று போன் சொன்னால் ஆறாவதுக்கு, அதாவது இணையத்துக்குப் பாதை திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, வருகிறோம். வீட்டில் விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டலாம்:

```
ipconfig
ping 192.168.1.1
ping 8.8.8.8
ping google.com
```

முதல் கட்டளையின் விடையில் `Default Gateway` என்ற வரியில் இருப்பதுதான் உங்கள் பெட்டியின் முகவரி. அது 192.168.1.1 ஆக இல்லாவிட்டால் இரண்டாவது கட்டளையில் அதையே போடுங்கள். `Reply from` என்று தொடங்கி `time` என்ற சொல்லும் உள்ள வரிகள் வந்தால் "ஆம்", `Request timed out` என்றோ `unreachable` என்றோ வந்தால் "இல்லை". பெட்டியே பதில் தராவிட்டால் கோளாறு பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே உள்ள வைஃபையில் இருக்கிறது. பெட்டி பதில் தந்து, வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் முகவரியான 8.8.8.8 பதில் தராவிட்டால் கோளாறு பெட்டிக்கு வெளியே. 8.8.8.8 பதில் தந்து, கடைசிக் கட்டளைக்கு `could not find host` என்று வந்தால், பாதை திறந்துதான் இருக்கிறது, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்ற சேவை மட்டும் நின்றிருக்கிறது. வேறு டி.என்.எஸ். முகவரி கொடுத்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். மடிக்கணினி இல்லாத வீட்டுக்கு வரையும் படத்தில் இந்தச் சாய்சதுரங்களை எடுத்துவிடுங்கள். செய்ய முடியாத சோதனை படத்தில் இருந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

மறுதொடக்கமும் முடியாத வட்டமும்

"பெட்டியை அணைத்து, 30 வினாடி கழித்துப் போட்டு, 5 நிமிடம் பொறுக்கவும்" என்ற செவ்வகம் ஆறாவது கேள்விக்கு வலப்பக்கம் வர வேண்டும். பொறுக்கும் நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஃபைபர் பெட்டி எழுந்து பதிவாகச் சில நிமிடங்கள் பிடிக்கும், பொறுமையில்லாதவர் அதற்குள் மறுபடி அணைத்துவிடுவார். பக்கத்திலேயே பெரிய எழுத்தில், "ஊசியால் ரீசெட் துளையை அழுத்தக் கூடாது" என்று எழுதுங்கள். மறுதொடக்கத்தில் எதுவும் அழியாது. ரீசெட் செய்தால் ஆபரேட்டர் பதிந்துவைத்த பயனர் பெயரும் அமைப்புகளும் போய்விடலாம், பிறகு சிறிய கோளாறுக்காக ஆள் வர வேண்டியிருக்கும்.

அந்தச் செவ்வகத்திலிருந்து அம்பு எங்கே போக வேண்டும்? மறுபடி சோதிக்க வேண்டும் என்பதால் மேலே பவர் கேள்விக்குத் திரும்ப வேண்டும். அப்படியே விட்டால் நெட் வராத வீட்டில் ஒருவர் விடியும்வரை அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார். படம் அதைத்தான் சொல்கிறது. இதைத் தடுக்க, மறுதொடக்கச் செவ்வகத்துக்கு முன்னால் ஒரு சிறிய சாய்சதுரம்: "இன்று ஏற்கெனவே அணைத்துப் போட்டாயிற்றா?" ஆம் என்றால் நேராக ஆபரேட்டருக்கு, இல்லை என்றால் மறுதொடக்கத்துக்கு. பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு அம்புக்கும் இப்படி ஒரு காவல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஒரு மாலை, படத்தின் வழியே

ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஓயாமல் அடிக்கும் பருவம். பிற்பகலில் கரண்ட் போய் வந்தது, நெட் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அத்தை மொபைல் டேட்டாவை அணைக்கிறார். டிவியிலும் நெட் இல்லை, ஆம், கீழே. பவர் எரிகிறது, ஆம், கீழே. எல்.ஓ.எஸ். சிவப்பாகச் சிமிட்டுகிறது, ஆகவே இல்லை, வலப்பக்கம். பின்னால் உள்ள கேபிள் மடங்காமல் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரரிடம் அதே இணைப்பு, அங்கே ஓடுகிறது. கரண்ட் போனதால்தான் நெட் போனது என்று முதலில் எவருக்கும் தோன்றும். எதிர்வீடு அந்த எண்ணத்தைக் கழித்துவிட்டது. கோடு "ஆபரேட்டரை அழைக்கவும்" என்ற நீள்வட்டத்தில் முடிகிறது.

அந்த நீள்வட்டத்துக்குள் போனில் சொல்ல வேண்டிய வாசகத்தையும் எழுதிவையுங்கள்: "பவர் இருக்கிறது, எல்.ஓ.எஸ். சிவப்பு, உள் கேபிள் சரி, எதிர்வீட்டில் ஓடுகிறது." இப்பகுதியில் எடுப்பவர் மலையாளத்தில் பேசினாலும் இந்த நான்கு செய்திகளும் தடையில்லாமல் போய்ச்சேரும். கேட்டவர் நம் வீட்டுக்குப் பிரியும் கம்பியைத்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்து, இழையை ஒட்டவைக்கும் இயந்திரத்தோடு வருவார். பனைமரம் நிறைந்த இந்த ஊர்களில், காற்றில் விழுந்த மட்டை கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையில் கம்பியை இழுத்திருப்பது புதிய செய்தியன்று.

ஒட்டுவதற்கு முன்

வரைந்த படத்தை நீங்கள் சோதிக்காதீர்கள், அதை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அடாப்டரைக் கழற்றிவிட்டு அவரை அழையுங்கள். அடுத்த முறை வைஃபை பொத்தானை அணைத்துவிட்டு அழையுங்கள். பிறகு ஒரு போனில் மட்டும் கடவுச்சொல்லை நீக்கிவிட்டு அழையுங்கள். ஃபைபர் முனையைச் சோதனைக்காகக்கூடக் கழற்ற வேண்டாம், தூசி படிந்தால் இல்லாத கோளாறு வந்துசேரும். அவர் படிக்கும்போது வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தில்தான் கேள்வியை மாற்றி எழுத வேண்டும்.

படத்தைப் போனில் மட்டும் வைத்திருப்பது போதாது. மங்காத மையில் எழுதி, பெட்டிக்கு மேலே கண்மட்டத்தில் ஒட்டி, ஆபரேட்டரின் எண்ணையும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணையும் அடியில் சேர்த்து எழுதுங்கள். பெட்டியை மாற்றினால் விளக்குகளின் பெயரும் மாறக்கூடும். அன்றைக்கே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்துவிட வேண்டும்.